முள் எத்தனையில் நிற்கிறது?

பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குச் சுமார் 35 கிலோமீட்டர். உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், கரமனை என்று வரிசையாக ஊர்கள். கரமனையிலிருந்து பாலராமபுரத்தை நெருங்கும் வரை சாலை நான்கு வழியாக அகன்றுவிட்டது. அதற்குத் தெற்கே பழைய அகலம்தான். பஸ்ஸும் லாரியும் கல்யாண வண்டியும் ஒரே வரியில் ஊர்ந்து போகும். சைரன் போட்டுப் போனாலும் மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் ஆகும் என்றுதான் கணக்கு வைக்க வேண்டும்.

இந்த ஒரு மணி நேரத்துக்கு மூச்சு வாங்கும் நோயாளிக்கு ஆக்சிஜன் ஓட வேண்டும். முகத்தில் பை வைத்த மாஸ்க் போட்டால் நிமிடத்துக்கு 15 லிட்டர் வரை போகும். அறுபது நிமிடத்துக்கு 900 லிட்டர். அந்த 900 லிட்டர் வண்டிக்குள் இருக்கிறதா இல்லையா என்பது பாறசாலையில் நோயாளியை ஏற்றும்போது முடிவாவதில்லை. அன்று காலை எட்டு மணிக்கோ, முந்தின இரவு எட்டு மணிக்கோ, ஒரு ஷிப்ட் இறங்கி அடுத்த ஷிப்ட் ஏறிய நேரத்தில் முடிவாகிவிடுகிறது. அப்போது யார் பார்த்தார்கள், என்ன எழுதினார்கள், எங்கே கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான் விஷயம்.

கேரளத்தில் 108 சேவை ‘கனிவு’ என்ற பெயரில் 2019 செப்டம்பரில் 315 வண்டிகளோடு மாநிலம் முழுவதும் விரிந்தது. களியக்காவிளை தாண்டி நம் பக்கம் 108 வந்தது அதற்கும் முன்னால், 2008இல். இரண்டு பக்கமும் வண்டிக்கு இரண்டு பேர். ஓட்டுபவர் ‘பைலட்’, நோயாளியோடு இருப்பவர் ‘இ.எம்.டி.’. கேரளத்தில் பின்னால் உட்காருபவர் நர்சிங் படித்தவராக இருப்பார். எல்லையோரக் கிராமத்தில் ஒரே தெருவில் இந்தக் கோடிக்கு ஒரு மாநிலத்து வண்டி வரும், அந்தக் கோடிக்கு வேறு மாநிலத்து வண்டி வரும். ஆனால் ஷிப்ட் மாறும்போது வண்டிக்குள் ஏறிப் பார்க்க வேண்டிய சாமான்களில் பெரிய வித்தியாசம் இல்லை.

‘சிலிண்டர் இருக்கு’

ஷிப்ட் முடித்து வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒருவர், இன்னும் டீ குடிக்காத ஒருவர். ‘சிலிண்டர் இருக்கா?’ ‘இருக்கு.’ பதிவேட்டில் ஒரு டிக். இப்படி நடக்கும் கைமாற்றம் நாட்டில் எல்லா ஊரிலும் உண்டு. டிக் சொல்வது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. சிலிண்டர் இருக்கத்தான் செய்கிறது. அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று அந்த டிக் சொல்வதில்லை. ஆகவே ஆக்சிஜன் வரிசையில் டிக் போடும் கட்டமே இருக்கக் கூடாது. எண் எழுதும் கட்டம்தான் வேண்டும்.

எந்த எண்? சிலிண்டர் தலையில் மாட்டியிருக்கும் மீட்டரில் முள் காட்டும் அழுத்தம். சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று அது சொல்லும். நிரப்பி வந்த புது சிலிண்டரில் முள் சுமார் 150இல் நிற்கும். அந்த எண்ணை லிட்டராக மாற்றச் சிலிண்டரின் உள்கொள்ளளவு தெரிந்தால் போதும். நம் ஊரில் கையில் தூக்கிப் போகும் ‘பி டைப்’ சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர். பத்தை 150ஆல் பெருக்கினால் 1,500 லிட்டர் வாயு. ஆள் உயரத்துக்குச் சற்றே குறைந்து நிற்கும் ‘டி டைப்’ சிலிண்டருக்கு 46.7 லிட்டர். நிரம்பியிருந்தால் ஏறக்குறைய 7,000 லிட்டர்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டாரத்தில் வெளிநாடு போய் நர்ஸ் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் பலர் உண்டு. பிரிட்டனில் ‘டி’ என்று சொல்லும் சிலிண்டர் 340 லிட்டர் கொள்ளும் சிறியது. இந்தியாவில் ‘டி’ என்பது அதைப்போல் இருபது மடங்கு. எழுத்தை நம்பிக் கணக்குப் போட்டால் தலைகீழாகிவிடும். சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும் கொள்ளளவைப் பார்த்து எழுதுவதே உத்தமம்.

முழுவதையும் பயன்படுத்தவும் முடியாது. முள் 14க்குக் கீழே இறங்கினால் சிலிண்டர் காலி என்று கொள்வது ஆம்புலன்ஸ் உலகின் பழைய வழக்கம். மீட்டரின் இன்னொரு வளையத்தில் அது 200 பி.எஸ்.ஐ. என்று இருக்கும். அந்த இரண்டாவது வளையமும் ஒரு தொல்லைதான். ஒருவர் 100 என்று எழுதுவார், அடுத்தவர் 1,400 என்று எழுதுவார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. எந்த வளையத்தைப் பார்த்து எழுதினார்கள் என்பது கட்டத்தின் தலைப்பிலேயே அச்சாகி இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

ஆக, முள் காட்டும் எண்ணிலிருந்து 14ஐக் கழி, கொள்ளளவால் பெருக்கு, நிமிடத்துக்கு ஓடும் லிட்டரால் வகு. வருவது நிமிடம். இதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம்.

நாற்பதில் நிற்கும் முள்

ஒரு கணக்குப் பார்ப்போம். நடந்த சம்பவம் அல்ல, நடக்கக்கூடியது. இரவு ஷிப்ட் ஏறும்போது பி டைப் சிலிண்டரில் முள் 40. பார்வைக்குச் சிலிண்டர் கனமாகத்தான் இருக்கிறது, திறந்தால் ‘உஸ்’ என்று சத்தமும் வருகிறது. ‘இருக்கு.’ ஒன்பது மணிக்குப் பாறசாலையில் இதயக் கோளாறோடு நுரையீரலில் நீர் கோத்த ஒருவரை மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். 40இல் 14 போக 26. பத்தால் பெருக்கினால் 260 லிட்டர். நிமிடத்துக்கு 15 என்றால் 17 நிமிடம்.

பதினேழு நிமிடத்தில் வண்டி எங்கே இருக்கும்? அமரவிளைப் பாலம் தாண்டி நெய்யாற்றின்கரையை நெருங்கியிருக்கும். அங்கே ஜெனரல் ஆஸ்பத்திரி இருக்கிறது, வண்டியைத் திருப்பி உள்ளே விடலாம், சிலிண்டர் மாற்றலாம். அதாவது அங்கேயே முள்ளைப் பார்த்தால். பார்க்காமல் பாலராமபுரத்துக்குள் நுழைந்துவிட்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது.

புது பைபாஸ் இந்தக் கணக்கை இன்னொரு விதத்தில் மாற்றியிருக்கிறது. காரோட்டில் ஏறினால் ஊர்களுக்குள் நுழையாமல் முக்கோலை வழியாக நகரத்தைப் பிடித்துவிடலாம். நேரம் மிச்சம். ஆனால் பழைய சாலையில் நடுவழியில் வரும் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி வாசல் அந்தப் பாதையில் வராது. நகரத்தை நெருங்கும் வரை கைவசம் உள்ள ஆக்சிஜனோடுதான் போயாக வேண்டும். எந்த வழியில் போவது என்று பைலட் முடிவு எடுப்பதற்குக்கூடப் பின்னால் இருப்பவர் முள் எத்தனையில் நிற்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. ‘பாதி இருந்தால் போதும்’ என்கிற பொதுவிதி மெடிக்கல் காலேஜுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிக்குச் சரி, பாறசாலையில் நிற்கும் வண்டிக்குச் சரிவராது. 900 லிட்டர் தேவை என்றால் பி டைப்பில் முள் குறைந்தது 104இல் நிற்க வேண்டும். அதுவும் சரியாக ஒரு மணி நேரத்துக்குத்தான். சாலையில் மரம் விழுந்தாலோ, ஆஸ்பத்திரி வாசலில் ட்ராலி வரத் தாமதமானாலோ கையிருப்பு இல்லை. அந்தத் தாமதத்துக்கும் சேர்த்து இரட்டிப்பாக 1,800 லிட்டர் வேண்டுமென்றால் பி டைப் நிரம்பியிருந்தாலும் போதாது. அதில் அடங்கும் வாயுவே 1,500 லிட்டர்தான். டி டைப்பில் அதே 1,800 லிட்டருக்கு முள் 53இல் நின்றால் போதும். ஆகவே எந்த எண்ணுக்குக் கீழே போனால் சிலிண்டரை மாற்ற வேண்டும் என்பது ஒவ்வொரு வண்டிக்கும் அது நிற்கும் இடத்தையும் அதன் சிலிண்டரையும் பார்த்து முடிவாக வேண்டியது. அந்த எண்ணை வண்டிக்குள் சிலிண்டர் கூண்டின் மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டால் ஷிப்ட் மாறும் இருவருக்கும் விவாதம் இல்லை.

முள் ஏமாற்றும் விதம்

மீட்டரைப் பார்ப்பது சுலபம் என்று தோன்றும். அதிலும் இரண்டு பொறிகள் உண்டு, இரண்டிலும் அனுபவசாலிகளே விழுவார்கள்.

முதலாவது: சிலிண்டரைச் சாவியால் மூடிவிட்டு, குழாயில் தங்கிய காற்றை வெளியே விடாமல் போயிருப்பார்கள். மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே சிறைப்பட்ட அந்தத் துளி வாயுவே முள்ளை 120இல் நிறுத்தி வைத்திருக்கும். சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் அந்த 120க்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. மூடிய வால்வு மெல்லக் கசிந்தால் முள்ளுக்கு அது தெரியாது. அதனால் பார்க்கும் முறை இது: முதலில் ஃப்ளோமீட்டரைத் திறந்து முள்ளைப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். பிறகு அதை மூடிவிட்டு, சிலிண்டர் வால்வைச் சாவியால் மெதுவாகத் திறக்க வேண்டும். இப்போது முள் ஏறி எங்கே நிற்கிறதோ அதுதான் எழுத வேண்டிய எண்.

இரண்டாவது பொறி இதற்கு நேர் எதிர். வால்வைக் கால் திருப்பு மட்டுமே திறந்திருப்பார்கள். வாயு ஓடாமல் இருக்கும்போது முள் ஒழுங்காக 130 காட்டும். நோயாளிக்கு 15 லிட்டர் வைத்ததும் வழி போதாமல் முள் சரசரவென்று கீழே விழும், மாஸ்கின் பை உப்பாது. ஆகவே எண்ணை எழுதிய பிறகு ஃப்ளோமீட்டரை 15க்கு ஏற்றி அரை நிமிடம் முள்ளையே பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால் வழி சரி. தொங்கினால் வால்வை முழுதாகத் திறந்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் தொங்கினால் ரெகுலேட்டரில் கோளாறு, மாற்ற வேண்டியதுதான். இந்த அரை நிமிடச் சோதனைக்குச் செலவாவது ஏழெட்டு லிட்டர். அதைப் பார்த்துக் கஞ்சப்பட வேண்டாம்.

வெயிலையும் சொல்ல வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுதும் நின்ற வண்டியில் சாயங்காலம் 140 காட்டும் முள், யாரும் தொடாமலே விடியற்காலையில் 133 காட்டலாம். வாயு சூட்டில் அழுத்தம் கூடும், குளிரில் குறையும். பதினைந்து டிகிரி வித்தியாசத்துக்கு நூற்றில் ஐந்து பங்கு மாறும். இது தெரியாமல் ‘ராத்திரி எங்கேடே போச்சு?’ என்று காலையில் சண்டை போட்டவர்கள் உண்டு. நாலு, ஆறு என்று குறைந்தால் சந்தேகம் வேண்டாம். இருபது குறைந்தால் அது வெயில் இல்லை.

இருபது என்றால் பி டைப்பில் 200 லிட்டர். பன்னிரண்டு மணி நேரத்தில் வண்டி நகராமலே 200 லிட்டர் போயிருந்தால், நிமிடத்துக்குக் கால் லிட்டருக்குச் சற்று மேலே கசிந்திருக்கிறது. காதுக்குக் கேட்காது. சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே உட்காரும் வாஷர் நசுங்கியிருக்கும், இல்லையென்றால் விழுந்தே போயிருக்கும். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வந்து காட்டிக்கொடுக்கும். எண்ணெயோ கிரீஸோ தடவி இறுக்கப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. அழுத்தம் ஏறிய ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். கையில் மசகு அப்பிய பைலட் சிலிண்டரைத் தொடும் முன் கை கழுவ வேண்டும் என்று சொல்வது சுத்தத்துக்காக இல்லை.

இந்தக் கசிவு ஒரு நாள் எண்ணைப் பார்த்தால் தெரியாது. நேற்று இரவு ஒருவர் எழுதிய எண்ணும், இன்று காலை இன்னொருவர் எழுதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். பதிவேட்டின் பயன் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டு கையெழுத்து

பால்காரரிடம் வைத்திருக்கும் கணக்கு நோட்டில் அவர் ஒரு குறி போடுவார், வீட்டுக்காரர் ஒரு குறி போடுவார். மாதக் கடைசியில் சண்டை வராமல் இருப்பது அந்த இரண்டாவது குறியால்தான். ஆம்புலன்ஸ் பதிவேட்டிலும் இறங்குபவர் ஒரு கையெழுத்து, ஏறுபவர் ஒரு கையெழுத்து. இருவரும் ஒன்றாக நின்று, ஒரே முள்ளைப் பார்த்து, ஒரே எண்ணின் கீழ் போட வேண்டும். இறங்குபவர் கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டை சீட்டில் வைத்துப் போய், ஏறுபவர் அரை மணி கழித்து அதன் கீழே போட்டால் அது கைமாற்றம் இல்லை. இரண்டு தனித்தனிக் கையெழுத்து.

நன்றாக வைத்த பதிவேட்டில் ஆக்சிஜனுக்கு நாலு கட்டம் போதும்: சிலிண்டரின் எண், முள் காட்டிய அளவு, இந்த ஷிப்டில் நோயாளிகளுக்கு ஓடிய லிட்டர், கூடுதல் சிலிண்டரின் நிலை. சிலிண்டர் எண் எதற்கு என்று கேட்கலாம். நேற்று 60 காட்டிய சிலிண்டர் இன்று 145 காட்டினால் மாற்றியிருக்கிறார்கள் என்று அந்த எண்தான் சொல்லும். மாற்றாமலே 145 என்று எழுதியிருந்தால் அதையும் அதே எண்தான் காட்டிக்கொடுக்கும்.

ஓடிய லிட்டர் என்கிற கட்டத்தைப் பலரும் வேண்டாத வேலை என்று நினைப்பார்கள். என் பார்வையில் பதிவேட்டிலேயே அதிகம் பேசும் கட்டம் அதுதான். இரவு எட்டு மணிக்கு முள் 132 என்று இருவரும் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவில் ஒரே கேஸ். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 55 நிமிடம், ஆக 550 லிட்டர். பி டைப்பில் முள் 55 இறங்கி 77இல் நிற்க வேண்டும். காலையில் பார்த்தால் 60. பதினேழு காணவில்லை, அதாவது 170 லிட்டர். எங்கே போனது? பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மெடிக்கல் காலேஜில் நோயாளியை இறக்கும் பரபரப்பில் ஃப்ளோமீட்டரை முழுதாக மூடவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் காலியான ஸ்ட்ரெச்சருக்கு மேலே மாஸ்க் தொங்கிக்கொண்டு நிமிடத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் ஓடியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கணக்கு நேராகிவிடும்.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். 550 லிட்டர் ஓடியதாக நோயாளியின் தாளில் எழுதியிருக்கிறது, முள் மட்டும் 132இலேயே நிற்கிறது. அப்படியானால் ஒன்று, காலையில் யாரும் மீட்டரைப் பார்க்காமல் பழைய எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதை யோசிக்கவே சங்கடமாக இருக்கிறது: நோயாளிக்கு ஆக்சிஜன் ஓடவே இல்லை. மாஸ்க் முகத்தில் இருந்தது, குழாய் ஃப்ளோமீட்டரில் மாட்டப்படாமல் தொங்கியது. மேற்பார்வைக்கு வருபவர் முதலில் தேட வேண்டியது இந்த மாதிரி வரிகளைத்தான். மாதம் முழுதும் 150, 150, 150 என்று ஒரே பேனாவில் ஒரே சாய்வில் எழுதிய பக்கத்தைப் பார்த்து ‘ரெக்கார்ட் சுத்தமாக இருக்கிறது’ என்று சொல்லிப் போவதும் நடக்கிறது. வேலை பார்க்கும் வண்டியின் பக்கத்தில் எண்கள் ஏறி இறங்கித்தான் இருக்கும்.

எழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருவல்லா ஒரு சாட்சி. 2022 ஆகஸ்டில் அங்கே தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து ஆலப்புழை வண்டானம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோன மூச்சுத்திணறல் நோயாளி ஒருவர் இறந்துபோனார். வழியிலேயே சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்றார்கள் உறவினர்கள். சிலிண்டரில் வேண்டிய ஆக்சிஜன் இருந்தது, நோயாளியின் நிலை ஏற்கெனவே மோசம் என்றது ஆஸ்பத்திரி. அமைச்சர் அறிக்கை கேட்டார், நாளிதழ்களிலும் வந்தது. யார் சொன்னது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தூரமோ பாறசாலைக் கணக்கைப் போலவே, முப்பது கிலோமீட்டர் சுமார். கிளம்பும்போது முள் எத்தனை, போய்ச் சேரும்போது எத்தனை என்று இரண்டு எண்கள் இரண்டு கையெழுத்தோடு எங்காவது இருந்தால் அந்த வாதம் ஒரு நிமிடத்தில் தீர்கிற வகையைச் சேர்ந்தது.

அதே மாதக் கடைசியில் கோழிக்கோட்டில் வேறொன்று நடந்தது. பீச் ஆஸ்பத்திரியிலிருந்து மெடிக்கல் காலேஜுக்கு ஒரு விபத்து நோயாளியைக் கொண்டுபோன ஆம்புலன்ஸின் கதவு, போய்ச் சேர்ந்த பிறகு திறக்கவில்லை. உடைத்துத்தான் திறக்க முடிந்தது. நோயாளி பிழைக்கவில்லை. ஷிப்ட் மாறும் சோதனையில் பின் கதவை உள்ளிருந்து ஒரு தடவை, வெளியிலிருந்து ஒரு தடவை திறந்து மூடிப் பார்க்கும் வரி இருக்கிறதா என்று அதன் பிறகு நான் பார்க்கும் பதிவேடுகளில் எல்லாம் தேடுகிறேன். மருந்து, மாத்திரை, ஊசி எல்லாம் வரிசையாக இருக்கும். கதவு சில இடங்களில் இருக்கும், சில இடங்களில் இருக்காது.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாவற்றிலும் வித்தை ஒன்றுதான். இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டிப் பார்ப்பது. சளி உறிஞ்சும் மெஷினை ஆன் செய்தால் சத்தம் வரும், சத்தத்தை நம்பக் கூடாது. குழாயின் முனையை மடித்துப் பிடித்தால் மீட்டர் நாலு விநாடிக்குள் 300க்கு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஜாடியின் மூடி சரியாக உட்காரவில்லை. மூச்சு கொடுக்கும் அம்பு பையின் வாயை உள்ளங்கையால் அடைத்து அமுக்கிப் பார்க்க வேண்டும், அமுங்கினால் எங்கோ கிழிசல். ஸ்ட்ரெச்சரை வெளியே இழுத்து, சக்கரம் விரிந்து பூட்டு விழுகிறதா என்று பாரம் வைத்துப் பார்க்க வேண்டும். சிலிண்டர் சாவி அதன் சங்கிலியில் தொங்குகிறதா என்பதையும் மறக்கக் கூடாது. கூடுதல் சிலிண்டர் நிரம்பி இருந்து சாவி தொலைந்துபோனால், நிரம்பிய சிலிண்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியதுதான். சாவியோடு ஒரு கூடுதல் வாஷரும் நூலில் கட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணியை யார் தருவது என்பதுதான் நடைமுறையில் உதைக்கும் இடம். எட்டு மணிக்கு ஷிப்ட் மாற்றம் என்றால், 7.50க்கு ஒரு கேஸ் வந்தால் இறங்க வேண்டியவரே ஓட வேண்டும், திரும்பி வர பத்தரை ஆகும். அவருக்கு அப்போது நோட்டில் எண் எழுதும் பொறுமை இருக்காது. ஏறுபவரோ அடுத்த அழைப்புக்கு உடனே கிளம்ப வேண்டியிருக்கும். இந்த மாதிரி நாட்களுக்குச் சுருக்கப் பட்டியல் ஒன்று தனியாக வேண்டும்: ஆக்சிஜன் எண், சக்‌ஷன், அம்பு பை, கதவு. இந்த நாலுக்கு மூன்று நிமிடம். மீதியைத் திரும்பி வந்து பார்க்கலாம். முழுப் பட்டியலை எப்போதும் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஊழியர்கள் முழுப் பட்டியலையும் பார்க்காமல் டிக் போடப் பழகிவிடுவார்கள்.

இறங்குபவர் இல்லாத வண்டி

கனிவு வண்டிகள் எல்லாம் 24 மணி நேரம் ஓடுவதில்லை. ஒரு பகுதி பன்னிரண்டு மணி நேர வண்டிகள். சாயங்காலம் நிறுத்தினால் காலையில்தான் ஆள் வருவார். இங்கே ஷிப்ட் மாற்றம் என்பது ஒருவர் தனக்குத் தானே ஒப்படைப்பது. இரவெல்லாம் கசிந்தால் அதைத் தடுக்க ஆள் இல்லை. அதனால் இந்த வண்டிகளில் நிறுத்தும்போது சிலிண்டரைச் சாவியால் மூடி, குழாயில் மிச்சமிருப்பதை வெளியே விட்டு, எண்ணை எழுதிவிட்டுப் போவது மற்ற வண்டிகளைவிட முக்கியம்.

எல்லையோரத்தில் நோயாளிகளைக் கொண்டுபோவதில் பெரிய பங்கு 108க்கு இல்லை. ஆஸ்பத்திரி வாசல்களில் நிற்கும் தனியார் வண்டிகளும், சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் சபைகளும் கட்சிக் கிளைகளும் நடத்தும் வண்டிகளும்தான் களியக்காவிளையைத் தாண்டி இரண்டு பக்கமும் ஓடுகின்றன. குழித்துறையில் ஏற்றித் திருவனந்தபுரத்தில் இறக்குவார்கள், அங்கிருந்து ஆசாரிப்பள்ளத்துக்கும் வருவார்கள். இவற்றில் பலவற்றில் ஓட்டுநர் ஒருவரே ராத்திரியும் பகலும். பின்னால் உட்காருவது நோயாளியின் மச்சானோ மகளோ. ஷிப்ட் இல்லை, ஆகவே ஷிப்ட் மாறும் சோதனையும் இல்லை. ‘எப்போதும் நான்தானே இருக்கேன், எனக்குத் தெரியாதா?’ என்று ஓட்டுநர் கேட்பார். இருபத்திரண்டு மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் ஞாபகத்தில் சிலிண்டர் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே நிரம்பியிருக்கும்.

இந்த வண்டிகளில் இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் இல்லையா என்றால், இருக்கிறார். நோயாளியை அனுப்பும் ஆஸ்பத்திரியின் நர்ஸ். ரெஃபர் செய்யும் கடிதத்தில் ரத்த அழுத்தம், நாடி, ஆக்சிஜன் செறிவு எல்லாம் எழுதத்தான் செய்கிறார்கள். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி கூடினால் போதும்: வண்டியில் சிலிண்டர் எந்த வகை, முள் எத்தனை, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம் வரும். பாறசாலையில் 52 என்று எழுதினால், பி டைப்பில் நிமிடத்துக்கு 10 வைத்தாலும் 38 நிமிடம்தான் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிலிண்டரை ஏற்றிவிட்டு, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பலாம். மெடிக்கல் காலேஜ் வாசலில் நோயாளியை வாங்கிக்கொள்பவர் வந்து சேர்ந்த எண்ணை அதே தாளில் எழுதலாம்.

இதற்குப் புதிதாக ஆணை எதுவும் வர வேண்டியதில்லை, கடிதத்தில் ஒரு வரிக்கு இடம் இருந்தால் போதும். தடையாக வருவது வேறொன்று. முள் 52 என்று எழுதிவிட்ட நர்ஸுக்கு அந்த வண்டியை அப்படியே அனுப்ப முடியாது. அந்த இரவில் ஆஸ்பத்திரிக் கையிருப்பில் இருக்கும் ஒரே கூடுதல் சிலிண்டரை எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தனியார் வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கும், அது எப்போது திரும்பும் என்று தெரியாது. களியக்காவிளைக்கு ஒரு பக்கத்து ஆஸ்பத்திரியில் நிரப்பிய சிலிண்டர் மறு பக்கத்து ஸ்டோர் கணக்கில் ஏறாது. எண்ணை எழுதச் சொல்லும் முன் அந்தச் சிலிண்டர் திரும்பி வரும் வழியை இரண்டு பக்கத்து ஸ்டோர்களும் பேசி வைக்க வேண்டியிருக்கிறது.